மிக்சரில் முதல் குமிழ்: இரைச்சலும் கிளிப்பும் இல்லாமல் ஒலியளவு அமைப்பது எப்படி

சமூக மன்ற மண்டபத்தில் பட்டிமன்றம், புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாண வரவேற்பு, ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்துவிட்டால் வார இறுதியில் ஏதாவது ஒரு மேடை. இப்படிப்பட்ட இடங்களில் "தம்பி, அந்த மிக்சரை நீ கொஞ்சம் பார்த்துக்கோ" என்று யார் தலையிலாவது பொறுப்பு விழும். அப்படி விழுந்தவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். 12 சேனல் உள்ள சாதாரண அனலாக் மிக்சர் ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். மேடையில் கையில் பிடிக்கும் டைனமிக் மைக் இரண்டு, வயர்லெஸ் மைக் ஒன்று, ஒரு மிருதங்கம், பாட்டுப் போட ஒரு மடிக்கணினி.

புதிதாக மிக்சர் முன்னால் உட்காருபவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கலாம். ஒருவர் சிவப்பு விளக்கைக் கண்டு பயந்து, சேனலின் மேலே உள்ள கெயின் குமிழைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிட்டு, சத்தம் போதவில்லை என்று ஸ்பீக்கரின் முதுகில் உள்ள குமிழை முழுக்க ஏற்றிவிடுவார். பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொருவர் கெயினை முழுக்க ஏற்றிவிட்டு, சத்தம் அதிகமாகிவிட்டது என்று, சேனலின் கீழே மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடரை அடியில் வைத்திருப்பார். பேச்சாளர் குரலை உயர்த்தியதும் குரல் கரகரவென்று உடையும். அரங்கில் கேட்கும் சத்தத்தின் அளவு இரண்டு பேரிடமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த அளவை எந்த இடத்தில் ஏற்றினார்கள், எந்த இடத்தில் இறக்கினார்கள் என்பதுதான் வேறு. கெயின் ஸ்டேஜிங் என்று சொல்லப்படுவது முழுக்க முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை

கையில் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக்கை வாயருகே வைத்து, மேடைப் பேச்சுக்கு ஏற்ற குரலில் ஒருவர் பேசினால் மைக்கிலிருந்து வெளிவருவது சுமார் 2 மில்லிவோல்ட். மிக்சரின் உட்சுற்று இயல்பாக வேலை செய்யும் அளவு ஒரு வோல்ட்டை ஒட்டியது. மீட்டரில் 0 என்று எழுதியிருக்கும் இடம் சில மிக்சர்களில் 0.775 வோல்ட், சிலவற்றில் 1.23 வோல்ட். ஆகவே மைக்கிலிருந்து வருவதை ஏறக்குறைய 400 முதல் 600 மடங்கு வரை பெருக்கியாக வேண்டும். டெசிபல் கணக்கில் 20 டெசிபல் என்றால் வோல்ட்டேஜ் 10 மடங்கு, 6 டெசிபல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 400 மடங்கு என்பது 50 டெசிபல் சொச்சம்.

மேலே ஒரு கூரை இருக்கிறது. மிக்சரின் உள்ளே உள்ள சுற்றுகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட் என்ற அளவில்தான் போகிறது. அதைத் தாண்டி எந்த ஒலி அலையும் எழும்ப முடியாது. எழும்பப் பார்த்தால் அலையின் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். அதுதான் கிளிப். கணக்குப் போட்டால் அந்தக் கூரை மீட்டரின் 0-க்கு மேலே 20 டெசிபல் சுமாரில் இருக்கிறது. 0-க்கும் கூரைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத்தான் ஹெட்ரூம் என்கிறார்கள்.

கீழே ஒரு தரை இருக்கிறது. எந்த மின்சுற்றும் முழு அமைதியில் இருக்காது. மைக்கின் சுருளில் உள்ள மின்தடைகூட, அறை வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அலைவதால், தன் பங்குக்கு ஓர் இரைச்சலைத் தருகிறது. கெயின் குமிழ் ஆளும் முதல் பெருக்கிதான் மைக் ப்ரீஆம்ப்; நல்ல ப்ரீஆம்ப் ஒன்றின் நுழைவாயிலில் உள்ள இரைச்சல் 0.3 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். அதற்கடுத்து, எல்லாச் சேனல்களும் ஒன்றாகக் கலக்கும் இடத்திலும் இரைச்சல் உண்டு. இது மிக்சருக்கு மிக்சர் மாறும். ஓர் உதாரணத்துக்கு 40 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

இனி அந்த இரண்டு பேரின் அமைப்பையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கெயினைச் சரியாக 50 டெசிபலில், அதாவது 316 மடங்கில் வைத்தால், 2 மில்லிவோல்ட் 0.63 வோல்ட் ஆகிறது. ப்ரீஆம்ப்பின் 0.3 மைக்ரோவோல்ட்டும் கூடவே பெருகி 0.1 மில்லிவோல்ட் ஆகிறது. கலக்கும் இடத்தில் சேரும் 40 மைக்ரோவோல்ட் (0.04 மில்லிவோல்ட்) அதைவிடச் சிறியது, கண்டுகொள்ளத் தேவையில்லை. பேச்சு இரைச்சலைவிட ஏறக்குறைய 75 டெசிபல் மேலே நிற்கிறது.

கெயினைப் பயந்து 20 டெசிபலில், அதாவது 10 மடங்கில் வைத்தவரிடம் 2 மில்லிவோல்ட் 20 மில்லிவோல்ட்டாக மட்டுமே ஆகிறது. ப்ரீஆம்ப் இரைச்சல் 3 மைக்ரோவோல்ட்தான், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலக்கும் இடத்தில் சேரும் 40 மைக்ரோவோல்ட் அப்படியேதான் சேர்கிறது. அது நம் குமிழைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இப்போது பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 54 டெசிபல். விட்டுப்போன 30 டெசிபலை ஸ்பீக்கரில் ஏற்றும்போது பேச்சோடு சேர்ந்து இந்த இரைச்சலும் 30 டெசிபல் ஏறும். பேச்சின் சத்தம் முதல் அமைப்பில் இருந்த அளவுக்கே வந்து சேர்கிறது, இரைச்சல் மட்டும் 20 டெசிபல் கூடிவிட்டது.

பெருக்க வேண்டியதையெல்லாம் முதல் குமிழிலேயே பெருக்கிவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பின்னால் வரும் ஒவ்வொரு கட்டமும் தன் இரைச்சலைச் சேர்க்கிறது. அங்கே வந்து சேரும்போதே குரல் பெரிதாக இருந்தால் அந்த இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் உள்ள ஃபேடர், மெயின் ஃபேடர் எல்லாம் 0 என்ற கோட்டை ஒட்டி, கூட்டாமல் குறைக்காமல் கடத்திவிடும் வேலையைச் செய்தால் போதும்.

முதலில் ஒரு குரல்

ஸ்பீக்கர்களை அணைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மிக்சரை முதலில் போடுங்கள், ஸ்பீக்கரைக் கடைசியில். நிகழ்ச்சி முடிந்து அணைக்கும்போது இதற்குத் தலைகீழ்: ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும், முன் வரிசைத் தாத்தா பாட்டிகள் துள்ளி எழுவார்கள்.

மைக்கை எக்ஸ்.எல்.ஆர். வாயிலில் செருகுங்கள். கெயின் குமிழ் இடதுபக்கக் கடைசியில் இருக்கட்டும். ட்ரெபிள், மிட், பேஸ் குமிழ்கள் மூன்றும் நடுவில். சேனலில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று எழுதிய பொத்தான் இருந்தால் பேச்சு மைக்குக்கு அதை அழுத்திவிடுங்கள். மேடைப் பலகையில் நடக்கும் காலடிச் சத்தமும், மைக்கைக் கையில் பிடித்துத் தடவும் சத்தமும் அதோடு பெரும்பாலும் போய்விடும். அந்தச் சத்தங்கள் காதுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் ஹெட்ரூமைத் தின்றுகொண்டிருக்கும்.

இப்போது அந்தச் சேனலின் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்துங்கள். சில மிக்சர்களில் சோலோ என்று இருக்கும். இதை அழுத்தியதும் ஃபேடருக்கு முன்னால் உள்ள அளவை மீட்டர் காட்டும், ஹெட்ஃபோனிலும் அந்தச் சேனல் மட்டும் கேட்கும். ஃபேடர் அடியில் இருந்தாலும் பரவாயில்லை. கெயின் அமைக்கத் தேவையான ஒரே அளவுகோல் இதுதான். காதை வைத்தோ, குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள்.

பேச்சாளரை மேடைக்குக் கூப்பிட்டால் "ஹலோ, செக், செக்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கப் பார்ப்பார். அது உதவாது. பட்டிமன்றப் பேச்சாளர் என்றால், "அண்ணே, கைதட்டல் வாங்குற வரியை அங்க நின்னு எப்படிச் சொல்வீங்களோ அப்படியே ஒரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். சாதாரணமாகப் பேசும் குரலுக்கும் உச்சத்தில் முழங்கும் குரலுக்கும் 20 டெசிபல் வரை வித்தியாசம் வரலாம். ஹெட்ரூமை முழுசாகத் தின்றுவிடக்கூடிய வித்தியாசம் அது. ஒத்திகையில் முணுமுணுத்த குரலுக்கு மீட்டரை 0-க்குக் கொண்டுவந்து வைத்தால், நிகழ்ச்சியில் நிச்சயம் கூரையில் இடிக்கும்.

அவர் முழங்கிக்கொண்டிருக்கும்போது கெயினை மெல்ல ஏற்றுங்கள். இயல்பான பேச்சு 0-ஐ ஒட்டியோ சற்றுக் கீழேயோ ஆட வேண்டும். முழங்கும் இடங்களில் கூட்டல் 6 வரை தாண்டிப் போனால் தப்பில்லை. சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட மின்னக் கூடாது. பெரும்பாலான மிக்சர்களில் அந்த விளக்கு உண்மையான கிளிப்புக்கு ஒரு சில டெசிபல் முன்னாலேயே எரியும். அதை நம்பி உரசிக்கொண்டே ஓட்டுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒத்திகையைவிட மேடையில் எல்லோரும் கூடுதலாகத்தான் கத்துகிறார்கள். எல்லாம் அமைத்த பிறகு கெயினை இன்னும் 3 டெசிபல் இறக்கிவைப்பது என் வழக்கம். இரைச்சலில் அது ஏற்படுத்தும் வித்தியாசத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

பி.எஃப்.எல்-ஐ விடுவித்துவிட்டு, சேனல் ஃபேடரை 0 கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மெயின் ஃபேடரையும் அப்படியே. ஃபேடர் பாதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: 0-க்கும் கழித்தல் 10-க்கும் நடுவில் விரலை நிதானமாக நகர்த்த நல்ல இடம் இருக்கும். கழித்தல் 40-க்குக் கீழே போனால் எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஃபேடரை அடியில் வைத்து ஓட்டுபவருக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வே பல டெசிபல் துள்ளலாகிவிடும். கெயினை முழுக்க ஏற்றிவைத்தவருக்கு கிளிப்போடு சேர்ந்து வரும் இரண்டாவது தொல்லை இது.

அரங்கின் சத்தத்தை முடிவு செய்யும் வேலை கடைசியில் வருகிறது. ஸ்பீக்கரின் பின்குமிழை அடியில் வைத்து அதைப் போடுங்கள். பின்னால் மைக், லைன் என்று தேர்வு இருந்தால் லைனில் வையுங்கள். மைக்கில் இருந்தால் ஏற்கெனவே பெருக்கி வந்ததை மறுபடியும் பெருக்கி அங்கேயே கிளிப் ஆகும். பேச்சாளரைப் பேசச் சொல்லி, மிக்சரின் மெயின் மீட்டர் 0-ஐ ஒட்டி ஆடும்போது, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, அவருக்குப் போதும் என்கிற வரை ஸ்பீக்கர் குமிழை ஏற்றுங்கள். அது பாதியிலேயே நின்றுவிட்டால் நல்லது. முழுக்க ஏற்றியும் போதவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஸ்பீக்கர் சின்னது. அதை மிக்சரில் ஈடுகட்ட முடியாது.

மிருதங்கம் குரல் மாதிரி நடந்துகொள்ளாது

மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில் அதே மைக்கை வையுங்கள். ஓர் அடி விழும் கணத்தில் அந்த இடத்தில் சத்தம் பேச்சைவிட எளிதாக 20 டெசிபல் கூடிவிடும். அப்படியானால் மைக்கிலிருந்து வருவது 2 மில்லிவோல்ட் அல்ல, 20 மில்லிவோல்ட்டும் அதற்கு மேலும். பேச்சுக்கு 50 டெசிபல் தேவைப்பட்டது என்றால் இதற்கு 25, 30 போதும். பக்கத்துச் சேனலைப் பார்த்து அதே இடத்தில் குமிழை வைப்பது பெரிய தவறாகிவிடும்.

இன்னொன்று: தாளக் கருவியின் அடி மிகச் சிறிய கணத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். விளக்கு வரிசையாக உள்ள சாதாரண மீட்டர் அந்த உச்சியை முழுசாகப் பிடித்துக் காட்டாது, சராசரியைத்தான் ஏறக்குறையக் காட்டும். மீட்டர் 0 என்று சொல்லும்போது உண்மையான உச்சி அதற்கு மேலே 15, 20 டெசிபலில் இருக்கலாம். ஆகவே மிருதங்கம், தவில், தபேலா எதுவானாலும் மீட்டர் கழித்தல் 10 சுமாரில் ஆடும்படி வைத்துவிட்டு, மீட்டரைவிட கிளிப் விளக்கின் மேல் கண் வையுங்கள். வித்வானிடம் மெதுவாக இரண்டு சொல் வாசிக்கச் சொல்லாமல் மோராவையும் கோர்வையையும் முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். இரைச்சலைப் பற்றி இந்தச் சேனலில் கவலைப்படவே வேண்டாம். கெயின் குறைவாக இருப்பதால் ப்ரீஆம்ப்பின் இரைச்சலும் அந்த அளவு குறைவாகவே பெருகுகிறது, கருவியோ பெரிய சத்தம் போடுகிறது.

கெயினை அடியில் வைத்தும் விளக்கு மின்னினால் பேட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நுழைவாயிலிலேயே 20 டெசிபல் குறைத்து உள்ளே விடும். அது இல்லாத மிக்சர் என்றால் மைக்கை இன்னொரு சாண் பின்னால் தள்ளுவதுதான் வழி.

மிக்சருக்கு வெளியே நடக்கும் கிளிப்

வயர்லெஸ் மைக்கில் ஆம்ப்ளிஃபையர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மைக்கின் கைப்பிடிக்குள் அல்லது இடுப்பில் மாட்டும் பெட்டிக்குள் ஒன்று, மிக்சரின் சேனலில் ஒன்று. பேச்சாளர் முழங்கும்போது கைப்பிடிக்குள் இருக்கும் ஆம்ப் கிளிப் ஆகிவிட்டால், மிக்சருக்கு வந்து சேருவதே உடைந்த குரல்தான். மிக்சரில் கெயினை இறக்கினால் உடைந்த குரல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். தட்டையாகிப்போன அலையை எந்தக் குமிழும் மறுபடி உருண்டையாக்காது. ரிசீவரில் ஆடியோ அளவு காட்டும் விளக்கைப் பாருங்கள். உச்சக் குரலில் அது சிவப்புக்குப் போனால், மைக்கின் கைப்பிடியைத் திறந்து உள்ளே உள்ள கெயினை ஒரு படி குறையுங்கள். பல மாடல்களில் அது பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவிட்சாகவோ மெனுவாகவோ இருக்கும். ரிசீவரின் பின்னால் மைக், லைன் தேர்வு இருந்தால் அதையும் மிக்சரில் எந்த வாயிலில் செருகியிருக்கிறீர்களோ அதற்குப் பொருத்தமாக வையுங்கள்.

மடிக்கணினி இதற்கு எதிர்ப்பக்கம். பாட்டின் ஒலியளவை 20 சதவீதத்தில் வைத்துக்கொண்டு மிக்சரில் ஏற்றினால், அதன் மலிவான ஹெட்ஃபோன் ஆம்ப்பின் இரைச்சலையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறீர்கள். கணினியில் ஒலியளவை 80, 90 சதவீதத்தில் வைத்து, மிக்சரின் ஸ்டீரியோ லைன் வாயிலில் செருகி, அங்கே கெயினை மீட்டர் பார்த்து அமையுங்கள். மைக் வாயிலில் செருகாதீர்கள். வாட்ஸாப் சத்தமும் காலண்டர் மணியும் நடுவில் அடிக்காமல் இருக்க அறிவிப்புகளை அணைத்துவிடுவது நிகழ்ச்சி நடத்துபவரின் மானத்தைக் காக்கும்.

எல்லாம் சேரும்போது

ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகச் சுத்தமாக இருந்தும் எல்லோரும் ஒன்றாகப் பாடும்போது ஒலி உடைவதுண்டு. ஒரே அளவுள்ள, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல் கூடும். நான்கு சேர்ந்தால் 6, எட்டு சேர்ந்தால் 9. அதோடு ஒவ்வொரு சேனலிலும் பேஸ் குமிழை ஆளுக்கு ஆள் 6 டெசிபல் ஏற்றிவைத்திருந்தால் ஹெட்ரூமின் பெரும்பகுதி கலக்கும் இடத்திலேயே காலி.

இங்கே புதியவர்கள் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான மிக்சர்களில் சேனல்கள் கலப்பது மெயின் ஃபேடருக்கு முன்னால். மெயின் மீட்டர் காட்டுவதோ மெயின் ஃபேடருக்குப் பின்னால் உள்ள அளவை. சத்தம் அதிகம் என்று மெயின் ஃபேடரை கழித்தல் 15-க்கு இறக்கிவிட்டால் மீட்டர் பச்சையில் அமைதியாக ஆடும். அதற்கு முன்னால் கலக்கும் இடத்தில் அலைகள் கூரையில் இடித்துக்கொண்டிருக்கும். ஒலி உடைகிறது என்று காது சொல்லும், விளக்கு எதையும் காட்டாது. மெயின் ஃபேடர் எப்போதும் மிக இறங்கிய இடத்திலேயே இருக்கிறது என்றால் அதுவே எச்சரிக்கை. மெயினை 0-க்குக் கொண்டுபோய், சேனல் ஃபேடர்களை எல்லாம் ஒரே அளவில் 6 முதல் 10 டெசிபல் வரை இறக்குங்கள். அதற்குப் பிறகும் அரங்கில் சத்தம் அதிகம் என்றால் ஸ்பீக்கரின் குமிழைக் குறையுங்கள்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்ட பிறகு கெயினைத் தொடாதீர்கள், ஃபேடரை மட்டும் ஆளுங்கள். மேடையில் பாடகருக்கு வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு ஒலி பெரும்பாலும் ஃபேடருக்கு முன்னாலிருந்து போகிறது. நீங்கள் அரங்குக்காக கெயினைக் கொஞ்சம் ஏற்றினால் மானிட்டரிலும் ஏறி, அங்கிருந்து மைக்குக்குள் புகுந்து 'கூஊ' என்று ஊளையிடும். சிவப்பு விளக்கு மின்னுகிறது என்பதற்காகத் தொட்டே ஆக வேண்டும் என்றால், இறக்கும் திசையில் மட்டும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்.

ஊளையைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெயினைக் குறைவாக வைப்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் அதுதான். "கெயினைக் கம்மியா வச்சு ஃபேடரை ஏத்துனா ஃபீட்பேக் வராது" என்பார்கள். மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை மொத்தமாக எத்தனை மடங்கு பெருக்குகிறோம் என்பதையும், மைக்கும் ஸ்பீக்கரும் நிற்கும் இடத்தையும் பொறுத்தே ஊளை வரும். 50 டெசிபலை கெயினில் கொடுத்தாலும், 20-ஐ கெயினிலும் 30-ஐப் பின்னாலும் கொடுத்தாலும் ஊளைக்கு ஒரே தூரம்தான். இரண்டாவது வழியில் இரைச்சல் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். ஊளையைக் குறைக்க வேண்டுமானால் மைக்கை வாயருகே கொண்டுபோங்கள், ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

கீழ்த்தளமா, குளிர்சாதன மண்டபமா?

இடத்தைப் பொறுத்து இந்தச் சமநிலையை ஒரு பக்கம் சாய்ப்பதில் தவறில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கைந்து பெரிய மின்விசிறி, பக்கத்துச் சாலையில் பேருந்து, பந்திப் பாத்திரங்களின் சத்தம், தூண்களில் மோதித் திரும்பும் எதிரொலி. அங்கே ஸ்பீக்கரின் மெல்லிய சீறல் யார் காதுக்கும் எட்டாது. ஆனால் மாமா ஒருவர் மைக்கை வாய்க்குள் வைத்துக் கத்துவார் என்பது உறுதி. அங்கே கெயினை நான் 6 டெசிபல் வரை இறக்கியே வைப்பேன், ஹெட்ரூம் அங்கே அதிக மதிப்புள்ளது. கதவு மூடிய மண்டபத்தில் கவிதை வாசிப்பு, வீணைக் கச்சேரி, அல்லது அதே மிக்சரிலிருந்து ஒளிப்பதிவுக்கும் ஒலி போகிறது என்றால் கதை வேறு. ஒளிப்பதிவை வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அரங்கில் தெரியாத இரைச்சலெல்லாம் தெரியும். அங்கே 0-ஐ விட்டுக் கீழே இறங்காதீர்கள்.

சில மண்டபங்களில் டிஜிட்டல் மிக்சர் இருக்கும். முறை அதேதான், எண்கள் மட்டும் வேறு. அதில் 0 என்பது கூரையே. அதைத் தாண்டினால் தாட்சண்யமின்றி உடையும். சராசரி கழித்தல் 18 சுமாரிலும், உச்சிகள் கழித்தல் 6-ஐத் தாண்டாமலும் இருக்கும்படி கெயினை வையுங்கள். திரையில் மீட்டர் பாதிதான் ஏறுகிறதே என்று ஏற்றிவிடத் தோன்றும். வேண்டாம்.

எங்கே கோளாறு என்று தேடுவது

சீறல் கேட்கிறது என்றால் மெயின் ஃபேடரை முழுக்க இறக்குங்கள். அப்போதும் கேட்டால் அது மிக்சரின் கடைசிக் கட்டத்திலிருந்தோ ஸ்பீக்கரிலிருந்தோ வருகிறது. ஸ்பீக்கர் குமிழை இறக்கிவிட்டு அந்த அளவை மிக்சரில் ஏற்றுங்கள். மெயினை இறக்கியதும் நின்றுவிட்டால், மெயினை மறுபடி 0-க்கு ஏற்றி ஒவ்வொரு சேனலாக மியூட் செய்துகொண்டே போங்கள். எந்தச் சேனலில் குறைகிறதோ அங்கே ஃபேடர் மேலேயும் கெயின் கீழேயும் இருக்கிறதா, அல்லது யாரும் பயன்படுத்தாத மைக் ஒன்று முழு கெயினில் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். பேசாத மைக்கை மூடி வைப்பது இரைச்சலுக்கும் ஊளைக்கும் சேர்த்தே மருந்து.

ஒலி உடைகிறது என்றால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தச் சேனலின் பி.எஃப்.எல்-ஐ அழுத்துங்கள். ஹெட்ஃபோனிலேயே உடைந்து கேட்டு, சேனலின் விளக்கும் மின்னினால் கெயினை இறக்குங்கள். உடைந்து கேட்கிறது, ஆனால் விளக்கு மின்னவில்லை என்றால் கோளாறு மிக்சருக்கு முன்னால்: வயர்லெஸ் மைக்கின் கைப்பிடி, அல்லது பாட்டுக் கோப்பு. ஹெட்ஃபோனில் தனித்தனியாகச் சுத்தமாக இருந்து அரங்கில் மட்டும் உடைந்தால் கலக்கும் இடத்தைச் சந்தேகியுங்கள். அதுவும் சரி என்றால் ஸ்பீக்கரில் லிமிட் என்ற விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

'ம்ம்ம்' என்று தாழ்ந்த சுரத்தில் விடாமல் ஓர் ஒலி வந்தால், அதற்கும் இதுவரை சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை, கூடவே அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் மடிக்கணினி ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டின் எர்த்தும் ஒலிக் கேபிள் வழியாக ஒரு வளையமாகிவிட்டதால் வருவது. கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். நிகழ்ச்சி முழுக்க பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது கணினிக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டி.ஐ. பாக்ஸ் ஒன்றை வையுங்கள். டி.ஐ. பாக்ஸிலிருந்து வருவது மைக் அளவுக்குக் குறைந்த ஒலி என்பதால், கணினியை லைன் வாயிலிலிருந்து எடுத்து எக்ஸ்.எல்.ஆர். வாயிலுக்கு மாற்றி, கெயினை அடியிலிருந்து தொடங்கி மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். எர்த் பின்னை உடைத்தோ டேப் ஒட்டியோ ஓசையை நிறுத்தும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால் கேட்காதீர்கள். 230 வோல்ட் மைக் வழியாகப் பாடுபவரின் உதட்டுக்கு வந்து சேரலாம்.